கத்தும் செய்தியை நிதானமாக மாற்றி எழுதும்போது அவசரம் காணாமல் போகாமல் இருக்க என்ன செய்வது?

செயலர் | ஜூன் 11, இரவு 9.20

சென்னைப் புறநகரில் மூன்று பிளாக்குகள் கொண்ட ஒரு குடியிருப்பின் சங்கத்தில் பொறுப்பில் இருக்கிறேன். வாட்ஸ்அப் குழுவில் கோபமாக வரும் செய்திகளை நிதானமான அறிவிப்பாக மாற்றிப் பராமரிப்பு நிறுவனத்துக்கு அனுப்புவது எங்கள் குழுவின் வேலைகளுள் ஒன்று. சென்ற வாரம் காலை 9.50 மணிக்கு வந்த செய்தி இது:

```
B BLOCK THANNI LA SAAKADAI NAATHAM!!!!!!
KAALAILENDHU SOLREN YAARUME BADHIL SOLLALA?????
KUZHANDHAINGALUKKU VAYIRU SARIYILLA!!!!
MAINTENANCE KAASU MATTUM VAANGA THERIYUDHU!!!!! VEKKAMA ILLAYA?????
```

குழுவின் இன்னொரு உறுப்பினர் இதை இப்படி மாற்றி அனுப்பினார்: "பி பிளாக்கில் தண்ணீரின் தரம் தொடர்பாகச் சில புகார்கள் வந்துள்ளன. பராமரிப்புக் குழுவினர் இதைக் கவனித்து ஆவன செய்யுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்."

குழாய் வேலை செய்பவர் மறுநாள் காலையில்தான் வந்தார். அதற்குள் மாலையில் மோட்டார் ஓடி, அதே தொட்டித் தண்ணீர் மற்ற இரண்டு பிளாக்குகளுக்கும் ஏறிவிட்டது. அந்த அறிவிப்பில் ஒரு வார்த்தைகூடத் தவறில்லை, ஆனால் அதைப் படித்த எவருக்கும் எழுந்து ஓட வேண்டும் என்று தோன்றவில்லை. இப்போது குடியிருப்பில் பாதிப் பேர், "கத்தினால்தான் வேலை நடக்கும், இனி யாரும் எங்கள் செய்தியைத் திருத்தக் கூடாது" என்கிறார்கள். கத்தல் இல்லாமல், ஆனால் அவசரம் முழுவதும் இருக்கும்படி இதை எப்படி எழுதியிருக்க வேண்டும்?

நிதானம் | ஜூன் 11, இரவு 10.05

இதற்கு விடை எப்போதோ எழுதப்பட்டுவிட்டது. இணைய நாகரிகம் குறித்து 1995 அக்டோபரில் வெளியான ஆர்.எஃப்.சி. 1855 என்ற ஆவணத்திலேயே, முழுவதும் பெரிய எழுத்துகளில் எழுதினால் அது கத்துவது போல் இருக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். படிப்பதற்கும் அது கடினம். முழுவதும் பெரிய எழுத்துகளில் இருந்தால் வாசிக்கும் வேகம் குறைகிறது என்பதை மைல்ஸ் டிங்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் பல ஆண்டுகள் சோதித்துக் காட்டியிருக்கிறார். ஆகவே எழுத்துகளைச் சிறிதாக்குங்கள், ஆச்சரியக்குறிகளை நீக்குங்கள், தொடக்கத்தில் "தயவுசெய்து" சேருங்கள், முடிவில் "உடனடியாக" என்று ஒரு சொல் போடுங்கள். வேறெதுவும் தேவையில்லை.

சுவர்க்கோழி | ஜூன் 11, இரவு 10.30

கணினியில் கேப்ஸ் லாக் விசையைச் செயலிழக்கச் செய்ய வழி இருக்கிறது. கைப்பேசியில் என்றால் விசைப்பலகை அமைப்புக்குள் போய் முதல் எழுத்தைத் தானாகப் பெரிதாக்கும் வசதியை அணைத்துவிடலாம். எந்தக் கைப்பேசி என்று சொன்னால் படிப்படியாக எழுதுகிறேன்.

செயலர் | ஜூன் 12, காலை 7.15

சுவர்க்கோழி அவர்களே, தட்டச்சு செய்தவர் விரும்பித்தான் பெரிய எழுத்தில் எழுதினார். விசையை அணைத்தால் அவருடைய கோபமோ தண்ணீரின் நாற்றமோ போய்விடாது.

நிதானம் ஐயா, நீங்கள் சொன்னபடி மாற்றிப் பார்த்தேன். "தயவுசெய்து கவனிக்கவும். பி பிளாக் தண்ணீரில் சாக்கடை நாற்றம் வருகிறது. காலையிலிருந்து சொல்கிறோம், யாரும் பதில் சொல்லவில்லை. குழந்தைகளுக்கு வயிறு சரியில்லை. உடனடியாக ஆவன செய்யவும்." முன்னதைவிட இது நிச்சயமாக நன்று. ஆனால் இதைப் படிக்கும் பராமரிப்பு மேலாளர் அடுத்த பத்து நிமிடத்தில் எதைச் செய்வார் என்று யோசித்தால் எனக்கே விடை தெரியவில்லை.

இரவுப்பணி | ஜூன் 12, காலை 11.40

பல ஆண்டுகள் கணினிச் சேவை ஒன்றின் கட்டுப்பாட்டறையில் இரவு நேரப் பொறுப்பாளராக இருந்தவன். எங்களுக்கு வந்த செய்திகளில் பெரும்பாலானவை இப்படித்தான் இருந்தன. அவற்றைத் திருத்தி, தூக்கத்திலிருந்து எழுப்பப்படும் பொறியாளருக்கு அனுப்புவதே என் வேலை. அந்தப் பழக்கத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் அந்த நான்கு வரிகளில் குறிகளை எண்ணிப் பாருங்கள். தண்ணீர் நாறுகிறது என்ற செய்திக்கு ஆறு குறிகள். பதில் இல்லை என்ற குறைக்கு ஐந்து. குழந்தைகளுக்கு உடல்நிலை சரியில்லை என்ற, நான்கிலும் மிக ஆபத்தான வரிக்கு நான்கே நான்கு. காசு மட்டும் வாங்கத் தெரிகிறது, வெட்கமில்லையா என்ற வசைக்குப் பத்து. குறிகள் கோபத்தைத்தான் அளக்கின்றன, ஆபத்தை அளப்பதில்லை. அதனால் குறிகளை நம்பி எதை முதலில் எழுதுவது என்று முடிவு செய்தால் தவறான வரி மேலே வந்துவிடும்; குறிகளை வெறுமனே நீக்கினாலும் எல்லா வரிகளும் ஒரே எடையில் நின்றுவிடும். நிதானம் அவர்களின் முறையில் நடந்தது இரண்டாவது.

கோபத்தில் எழுதுபவர் குறிகளைக் கொட்டும் இடங்களில் பெரும்பாலும் ஒரு தகவல் விடுபட்டிருக்கும். "காலையிலிருந்து" என்பதற்குப் பின் எத்தனை மணியிலிருந்து என்பது இல்லை. "குழந்தைகளுக்கு" என்பதற்குப் பின் எத்தனை பேர், என்ன உபாதை, மருத்துவரிடம் போனார்களா என்பது இல்லை. திருத்துபவர் குறியை எடுக்கும் இடத்தில் அந்தத் தகவலைக் கொண்டுவந்து வைக்க வேண்டும். அது செய்திக்குள் கிடைக்காது, ஆகவே எழுதியவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்க வேண்டும். இரண்டு நிமிட வேலை. தவிரவும், ஒருவர் அழைத்துக் கேட்டார் என்பதாலேயே அவருடைய கோபத்தில் பாதி இறங்கிவிடும் என்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பிறகு உங்களிடம் ஒரு கேள்வி. இப்போது ஒன்றும் செய்யாவிட்டால் எந்த நேரத்தில் நிலைமை மோசமாகும்? அந்த நேரம்தான் செய்தியின் முதுகெலும்பு. "உடனடியாக" என்ற சொல்லைப் படிப்பவர் தன் வசதிக்கேற்ப நீட்டிக்கொள்வார். "மாலை 4 மணிக்கு மோட்டார் ஓடினால் மற்ற பிளாக்குகளுக்கும் போய்விடும்" என்று எழுதினால் அதை நீட்ட முடியாது. உங்கள் மோட்டார் எத்தனை மணிக்கு ஓடும்?

செயலர் | ஜூன் 12, மதியம் 1.10

நேரம் வைத்த சுவிட்ச் இருக்கிறது, மாலை 4 மணிக்கு ஓடும். செய்தி எழுதிய அம்மாவிடம் இப்போது கேட்டேன். அன்று காலை 6 மணிக்குப் பால் காய்ச்சக் குழாயைத் திறந்தபோது நாற்றத்தைக் கவனித்திருக்கிறார். அவருக்குத் தெரிந்து அதே வரிசையில் ஐந்து வீடுகள். இரண்டு குழந்தைகளுக்கு முந்தின இரவிலிருந்து வயிற்றுப்போக்கு, ஒருவரை மருத்துவரிடம் காட்டியிருக்கிறார்கள். முந்தின நாள் மழையில் தரைத்தொட்டிக்குப் பக்கத்தில் உள்ள சாக்கடைத் தொட்டி நிரம்பி வழிந்ததையும் பார்த்திருக்கிறார். இந்தக் கடைசித் தகவல் கோபச் செய்தியிலும் இல்லை, நாங்கள் அனுப்பிய அறிவிப்பிலும் இல்லை. இதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று பிறகு தெரிந்தது.

இரவுப்பணி | ஜூன் 12, மாலை 6.25

அப்படியென்றால் இரண்டு செய்திகள் எழுத வேண்டும். வேலை செய்ய வேண்டியவருக்கும் காத்துக்கொள்ள வேண்டியவருக்கும் ஒரே செய்தி பொருந்தாது.

பராமரிப்பு நிறுவனத்துக்கு:

"பி பிளாக் தரைத்தொட்டியில் சாக்கடைநீர் கலந்திருக்கலாம். மாலை 4 மணிக்குள் மோட்டாரை நிறுத்த வேண்டும். அது ஓடினால் ஏ, சி பிளாக்குகளுக்கும் இந்தத் தண்ணீர் ஏறிவிடும். இன்று காலை 6 மணி முதல் ஐந்து வீடுகளின் சமையலறைக் குழாயில் சாக்கடை நாற்றம். இரண்டு குழந்தைகளுக்கு நேற்றிரவு முதல் வயிற்றுப்போக்கு. தண்ணீர்தான் காரணமா என்று உறுதியாகவில்லை. நேற்றைய மழையில் தரைத்தொட்டிக்கு அருகில் உள்ள சாக்கடைத் தொட்டி வழிந்ததைப் பார்த்திருக்கிறார்கள். மோட்டாரை நிறுத்தியதும் இந்த எண்ணுக்கு அழைத்துச் சொல்லவும். 11 மணிக்குள் அழைப்பு வராவிட்டால் நான் நேரில் வருகிறேன்."

குடியிருப்பாளர்களுக்கு:

"மூன்று பிளாக்குகளிலும் குழாய்த் தண்ணீரைக் குடிக்கவோ, சமைக்கவோ, பல் துலக்கவோ வேண்டாம். தரைத்தொட்டியில் சாக்கடைநீர் கலந்திருக்குமோ என்ற ஐயம் உள்ளது. மதியம் 1 மணிக்கு அடுத்த தகவல் வரும். யாருக்காவது வாந்தி, வயிற்றுப்போக்கு இருந்தால் மருத்துவரிடம் காட்டிவிட்டு எனக்குத் தெரிவிக்கவும்."

இரண்டிலும் ஓர் ஆச்சரியக்குறி இல்லை. முதல் இரண்டு வாக்கியங்களை மட்டும் படித்துவிட்டுக் கைப்பேசியை வைத்தாலும் என்ன செய்ய வேண்டும் என்பது தெரிந்துவிடும். அடுத்த தகவல் எப்போது வரும் என்ற நேரம் மிக முக்கியமானது. அது இல்லாவிட்டால் அரை மணி நேரத்தில் "என்ன ஆச்சு?????" என்று மீண்டும் தொடங்கிவிடும்.

நிதானம் | ஜூன் 12, இரவு 8.00

"கலந்திருக்கலாம்", "உறுதியாகவில்லை" என்றெல்லாம் எழுதினால் அவசரம் நீர்த்துப்போகாதா? பரிசோதித்து உறுதிப்படுத்திவிட்டு உறுதியாக எழுதுவதுதானே முறை?

இரவுப்பணி | ஜூன் 12, இரவு 8.50

பாக்டீரியா இருக்கிறதா என்று பார்க்கும் எளிய குப்பிச் சோதனையில் தண்ணீர் கறுப்பாக மாறுகிறதா என்று ஏறக்குறைய ஒரு நாள் காத்திருக்க வேண்டும். எஞ்சிய குளோரினைச் சொட்டு மருந்து விட்டு நிறம் பார்த்து உடனே அறியலாம். இந்தியத் தர நிர்ணயப்படி குளோரின் கலந்த குடிநீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சியிருக்க வேண்டும். ஆனால் நிறம் வரவில்லை என்பது குளோரின் இல்லை என்பதைத்தான் காட்டும், சாக்கடை கலந்ததை நிரூபிக்காது. லாரித் தண்ணீரில் முதலிலிருந்தே இல்லாமலும் இருக்கலாம். உறுதிக்காகக் காத்திருந்தால் மோட்டார் ஓடிவிடும்.

உறுதியில்லாததை உறுதியில்லை என்று எழுதுவதால் செய்தி வலுவிழப்பதில்லை. காரணத்தில் ஐயம் இருக்கலாம், செய்ய வேண்டிய செயலில் ஐயம் இருக்கக் கூடாது. "மோட்டாரை நிறுத்த முடிந்தால் நன்றாக இருக்கும்" என்று எழுதினால்தான் நீர்த்துப்போகும். முதலில் அனுப்பிய அறிவிப்பின் கோளாறும் அதுதான். "சில புகார்கள்" என்பது எண்ணிக்கையை மறைத்தது, "தரம் தொடர்பாக" என்பது நாற்றத்தை மறைத்தது, "ஆவன செய்யுமாறு" என்பது செயலையே மறைத்தது.

அம்மாவின் மகள் | ஜூன் 13, காலை 9.35

என் நிலையும் இதைப் போன்றதே, உதவ முடியுமா? அம்மாவை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்ப மருத்துவர் ஒப்புதல் தந்துவிட்டார். நேற்றுக் காலை 11.10 மணிக்கு மருத்துவமனை இறுதிக் கணக்கைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பியது. இரவாகியும் ஒப்புதல் வரவில்லை. எனக்குத் தெரிந்த கோபத்தையெல்லாம் பெரிய எழுத்தில் எழுதி ஐந்து மின்னஞ்சல் அனுப்பினேன். ஐந்துக்கும் "உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது" என்ற தானியங்கி பதில்தான் வந்தது. இன்னும் படுக்கையில்தான் இருக்கிறார், அறை வாடகை ஏறிக்கொண்டிருக்கிறது.

இரவுப்பணி | ஜூன் 13, காலை 10.00

சகோதரி, உங்களுக்கு மோட்டார் நேரத்தைவிட வலுவான ஒரு நேரம் இருக்கிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 மே மாதம் வெளியிட்ட மருத்துவக் காப்பீட்டுச் சுற்றறிக்கையின்படி, மருத்துவமனையிலிருந்து வெளியேறுவதற்கான கோரிக்கை வந்த மூன்று மணி நேரத்துக்குள் நிறுவனம் இறுதி ஒப்புதல் தர வேண்டும். அதற்கு மேல் தாமதமாகி மருத்துவமனை கூடுதல் தொகை கேட்டால் அதை நிறுவனமே ஏற்க வேண்டும். இதை எழுதுங்கள்:

"பாலிசி எண், கோரிக்கை எண். இறுதிக் கணக்கு ஜூன் 12 காலை 11.10 மணிக்கு உங்களுக்கு வந்தது. மூன்று மணி நேர வரம்பு மதியம் 2.10 மணிக்கு முடிந்தது. அதற்குப் பிறகான அறை வாடகை உங்கள் பொறுப்பு என்று 2024 சுற்றறிக்கை சொல்கிறது. இன்று 11.30 மணிக்குள் ஒப்புதலையோ, நிலுவைக்கான காரணத்தையோ எழுத்தில் அனுப்பவும். கிடைக்காவிட்டால் உங்கள் குறைதீர்ப்பு அலுவலருக்கும் ஆணையத்தின் பீமா பரோசா தளத்துக்கும் இதே மின்னஞ்சலை அனுப்புவேன்."

புதிதாக ஆறாவது மின்னஞ்சல் தொடங்காமல், முதல் மின்னஞ்சலுக்குப் பதிலாகவே இதை அனுப்புங்கள். ஒவ்வொரு முறையும் புதிதாக எழுதினால் பல இடங்களில் தனித்தனிப் புகாராகப் பதிவாகி, ஒவ்வொன்றும் வரிசையின் கடைசியில் போய் நிற்கும். மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் இருப்பவரையும் நகலில் சேருங்கள்.

மூன்றாம் மாடி | ஜூன் 13, மதியம் 12.20

எனக்கு இந்த உரையாடலின் போக்கில் உடன்பாடில்லை. நான் ஒரு சங்கத்தில் பொறுப்பு எதுவும் இல்லாத சாதாரணக் குடியிருப்பாளர். அந்த அம்மா எழுதியவற்றுள் நான்காவது வரியை எல்லாருமே வசை என்று சொல்லித் தூக்கிப் போட்டுவிட்டீர்கள். மாதாமாதம் பராமரிப்புப் பணம் கட்டுகிறார், காலை 6 மணியிலிருந்து சொல்கிறார், 9.50 வரை யாரும் பதில் சொல்லவில்லை. அதுவும் ஒரு தகவல்தானே? செயலர் மாற்றி எழுதும்போது சங்கத்தின் தாமதம் மட்டும் அழகாக மறைந்துவிடுகிறது. பொறுப்பில் இருப்பவர் பொறுப்பில் இல்லாதவரின் கோபத்தைத் திருத்துகிறார் என்றால், யாருடைய நலனுக்காகத் திருத்துகிறார் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

செயலர் | ஜூன் 13, இரவு 9.45

இதை நாள் முழுவதும் யோசித்தேன். மூன்றாம் மாடி சொல்வதில் பெரிய நியாயம் இருக்கிறது. மோட்டாரை நிறுத்த வேண்டியவருக்கு நான்காவது வரி உதவாது. அவர் அதைப் படித்தால் தன் தரப்பை விளக்குவதில் நேரம் போகும். ஆனால் சங்கக் குழுவுக்கு அது தேவை. ஆகவே அதை அழிக்காமல் தனியாக, மாலையில், அந்த அம்மாவின் பெயரிலேயே குழுவுக்கு அனுப்பலாம் என்று நினைக்கிறேன்: "காலை 6.10, 7.30, 8.45 மணிக்குத் தெரிவித்தேன். முதல் பதில் 10 மணிக்குப் பிறகு வந்தது. இந்தத் தாமதத்துக்கான காரணத்தை அடுத்த கூட்டத்தில் விளக்க வேண்டும்." எழுதியவரின் ஒப்புதல் இல்லாமல் இரண்டு செய்திகளையும் அனுப்பக் கூடாது என்றும் விதி வைக்கலாம்.

மூன்றாம் மாடி | ஜூன் 13, இரவு 10.10

மாலையில் அனுப்பலாம் என்று ஒதுக்கியது மாலையில் அனுப்பப்பட்டதா என்பதை யார் பார்ப்பார்கள்? இரண்டையும் ஒரே நேரத்தில் எழுதி, இரண்டாவதை எழுதியவர் கையில் கொடுத்துவிடுங்கள். எப்போது அனுப்புவது என்பதை அவரே முடிவு செய்யட்டும்.

செயலர் | ஜூன் 13, இரவு 10.15

சரி. அப்படியே செய்கிறோம்.

வான்பார்வை | ஜூன் 14, காலை 8.30

நிதானமான பேச்சு எவ்வளவு ஆபத்தாக முடியும் என்பதற்கு விமானத் துறையில் ஒரு வரலாறு உண்டு. 1990 ஜனவரி 25 அன்று கொலம்பியாவிலிருந்து நியூயார்க் சென்ற அவியான்கா 52 விமானம், மோசமான வானிலையால் வானிலேயே ஒரு மணி நேரத்துக்கும் மேல் வட்டமிட்டுக் காத்திருக்க வைக்கப்பட்டது. எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது. துணை விமானி முன்னுரிமை வேண்டும் என்றார். எரிபொருள் தீர்கிறது என்றும் சொன்னார். ஆனால் அவசரநிலை என்ற சொல்லைக் கடைசி வரை சொல்லவில்லை. எரிபொருள் தீர்ந்து விமானம் லாங் ஐலண்டில் விழுந்தது. அதில் இருந்த 158 பேரில் 73 பேர் இறந்தார்கள். தகவல் அங்கேயும் கொடுக்கப்பட்டது. அது கேட்பவரின் காதில் வழக்கமான பேச்சாக விழுந்துவிட்டது. ஆகவே தகவலை ஒழுங்காக அடுக்கினால் போதும் என்று இரவுப்பணி சொல்வது முழு விடையாகாது. உயிராபத்தில் வானொலியில் மேடே என்று மூன்று முறை சொல்வது ஏன்? அதைக் கேட்டதும் என்ன செய்ய வேண்டும் என்று இரு தரப்பும் முன்பே ஒப்புக்கொண்டிருப்பதால்.

இரவுப்பணி | ஜூன் 14, காலை 9.15

இதை ஏற்றுக்கொள்கிறேன். எங்கள் கட்டுப்பாட்டறையில் ஒன்றாம் நிலை என்று எழுதினால் பொறியாளர் பதினைந்து நிமிடத்தில் இணைய வேண்டும் என்ற ஒப்பந்தம் இருந்தது. அந்த ஒப்பந்தம் முன்பே இருந்ததால்தான் நான் நிதானமாக எழுத முடிந்தது. குடியிருப்பில் பராமரிப்பு நிறுவனத்துடன் செய்யும் ஒப்பந்தத்திலேயே ஒரு சொல்லை எழுதிவிடலாம். "உயிர்நிலை" என்று தலைப்பிட்டால் முப்பது நிமிடத்தில் ஆள் வர வேண்டும். குடிநீர் மாசு, லிஃப்டில் ஆள் மாட்டிக்கொள்வது, மின்கசிவு, தீ, எரிவாயு நாற்றம் ஆகியவற்றுக்கு மட்டுமே அது பயன்படும் என்று வைத்துக்கொள்ளலாம்.

நிதானம் | ஜூன் 14, காலை 9.40

இரண்டே மாதத்தில் வாகன நிறுத்துமிடத் தகராறுக்கும் "உயிர்நிலை" என்று எழுதுவார்கள். "அவசரம்" என்ற சொல்லுக்கு நடந்தது அதுதான். அந்தச் சொல்லை யார் பயன்படுத்தலாம் என்று யார் தீர்மானிப்பது?

வான்பார்வை | ஜூன் 14, காலை 10.05

யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்றுதான் இருக்க வேண்டும். அனுமதி கேட்டு நிற்கும் நேரத்தில்தான் விபத்து நடக்கும். தவறாகப் பயன்படுத்தினால் பிறகு விளக்கம் கேட்கலாம்.

நிதானம் | ஜூன் 14, காலை 10.20

விமானியிடம் விளக்கம் கேட்கலாம். பக்கத்து வீட்டுக்காரரிடம் விளக்கம் கேட்டுவிட்டு மறுநாள் லிஃப்டில் அவருடனேயே நிற்க வேண்டும். நடைமுறையில் வராது என்பதே என் கருத்து.

கேட்டுப் படிப்பவர் | ஜூன் 14, மாலை 5.50

எனக்குப் பார்வை இல்லை. திரைவாசிப்பான் மூலம் வாட்ஸ்அப் செய்திகளைக் கேட்டே படிக்கிறேன். நீங்கள் மேலே வைத்திருக்கும், ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ்ச் செய்தியை என் கருவி ஆங்கிலமாக நினைத்து வாசிக்கிறது; "சாக்கடை" என்ற சொல்லே எனக்குப் புரியவில்லை. பெரிய எழுத்துச் சொற்களைச் சில கருவிகள் ஒவ்வோர் எழுத்தாகப் பிரித்துச் சொல்லிவிடும். சிவப்புச் சுழல்விளக்குப் படத்தைப் பத்து முறை போட்டால், காவல் வண்டி விளக்கு என்ற அதன் ஆங்கிலப் பெயரைப் பத்து முறை கேட்ட பிறகுதான் செய்தி தொடங்குகிறது. என் குடியிருப்பில் ஒருமுறை அப்படிப்பட்ட செய்தியைப் பாதியில் விட்டுவிட்டேன்; அது தண்ணீர் லாரி வராது என்ற செய்தி. தமிழ் எழுத்தில், முதல் வாக்கியத்திலேயே விஷயம் வரும்படி எழுதினால் எல்லாருக்கும் முன்பாக எனக்குத் தெரிந்துவிடும்.

வான்பார்வை | ஜூன் 14, இரவு 7.30

அமெரிக்க தேசிய வானிலைச் சேவையே இந்தப் பாதையில் வந்திருக்கிறது. பழைய டெலிபிரிண்டர் காலத்திலிருந்து அவர்களுடைய அறிக்கைகள் முழுவதும் பெரிய எழுத்துகளில் வந்துகொண்டிருந்தன. 2016 மே 11 முதல் அதைக் கைவிடத் தொடங்கினார்கள். முழு அறிக்கையும் கத்திக்கொண்டிருந்தால் உண்மையான ஆபத்துக்குக் கத்த இடமிருக்காது. இனிப் பெரிய எழுத்தைக் கடும் ஆபத்தை அழுத்திச் சொல்ல மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். தமிழில் பெரிய எழுத்து இல்லாவிட்டாலும் வாட்ஸ்அப்பில் சொல்லின் இருபுறமும் உடுக்குறி இட்டுத் தடித்த எழுத்தாக்கலாம். இரவுப்பணியின் செய்தியில் நான் நேரத்தையும் "மோட்டாரை நிறுத்த வேண்டும்" என்பதையும் மட்டும் தடிமனாக்குவேன்.

அம்மாவின் மகள் | ஜூன் 14, இரவு 8.15

அம்மாவை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். மின்னஞ்சல் அனுப்பிய அன்று மதியமே காப்பீட்டு நிறுவனத்திலிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். ஒரு பரிசோதனை அறிக்கை விடுபட்டிருந்ததாம். முந்தின நாளே யாராவது சொல்லியிருந்தால் கொடுத்திருப்போம். கூடுதல் அறை வாடகை இன்னும் வரவில்லை, அதற்கும் தனியாக எழுத வேண்டும் போலிருக்கிறது. நன்றி அண்ணா.

குழாய்க்காரர் | ஜூன் 15, காலை 6.40

நான் பல குடியிருப்புகளுக்குக் குழாய், மோட்டார் வேலை பார்க்கிறவன். எல்லாரும் எனக்கு எப்படிச் செய்தி அனுப்புவது என்று பேசிக்கொண்டிருப்பதால், வாங்குகிறவனாகச் சில வார்த்தைகள் சொல்கிறேன்.

இரவுப்பணி ஐயா எழுதிய செய்தி நன்றாக இருக்கிறது. ஆனால் "4 மணிக்குள்" என்பது தவறு. நேரச் சுவிட்ச் இருக்கும் குடியிருப்புகள் பலவற்றில் மேல்தொட்டியில் மட்டம் பார்க்கும் உணரியும் இருக்கும். மேல்தொட்டி பாதிக்குக் கீழே இறங்கினால் 4 மணி ஆகாவிட்டாலும் மோட்டார் தானாக ஓடும். காலையில் எல்லாரும் குளித்துத் துணி துவைத்த பிறகு 11 மணிக்கே ஓடிவிடலாம். 4 மணி என்று எழுதினால் நான் இன்னொரு வேலையை முடித்துவிட்டு 3 மணிக்கு வருவேன். நான் வரும்போது தண்ணீர் ஏறியிருக்கும். நேரம் சரியாகத் தெரியாவிட்டால் நேரம் போடாதீர்கள்.

இன்னொன்று, மோட்டாரை நிறுத்த நான் வர வேண்டியதே இல்லை. பம்ப் அறையில் இருக்கும் பலகையில் ஆட்டோ என்ற நிலையிலிருந்து ஆஃப் நிலைக்குத் திருப்பினால் நின்றுவிடும், காவலாளியே செய்யலாம். சாவி யாரிடம் என்று தெரியாமல்தான் பாதி நேரம் போகிறது. எனக்கு எழுதும் முன்பு அவருக்கு எழுதுங்கள், அல்லது கூப்பிட்டுச் சொல்லுங்கள். பிறகு எந்தத் தொட்டி, எந்தப் பக்கம் வழிந்தது என்று ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்பினால் சாக்கடை அடைப்பு எடுக்கும் ஆளையும் கூடவே அழைத்து வருவேன். படம் இல்லாவிட்டால் நான் வந்து பார்த்துத் திரும்பிப் போய் அவரை அழைத்து வர இரண்டு மணி நேரம் ஆகும்.

திட்டி எழுதினால் நான் வரமாட்டேன் என்று இல்லை, வருவேன். ஆனால் எல்லாரும் திட்டி எழுதுகிறார்கள். யார் வீட்டுக்கு முதலில் போவது என்று அதிலிருந்து எனக்குத் தெரிவதில்லை.

இரவுப்பணி | ஜூன் 15, காலை 8.05

மிகவும் சரி. கெடுவை எதிலிருந்து கணக்கிடுகிறோம் என்பதைச் சரிபார்க்காமல் எழுதினால், அது தாமதத்துக்கு நாமே கொடுக்கும் அனுமதியாகிவிடும். கட்டுப்பாட்டறையில் நேரத்தைச் சொல்வதற்கு முன் அந்த இயந்திரத்தைப் பராமரிப்பவரிடம் கேட்பது எங்கள் வழக்கம். இங்கே கேட்க வேண்டியவர் நீங்கள்தான்.

செயலர் | ஜூன் 15, இரவு 9.00

இன்று பம்ப் அறைக்குப் போய்ப் பார்த்தேன். குழாய்க்காரர் சொன்னபடி எங்கள் மேல்தொட்டியிலும் உணரி இருக்கிறது. சாவி ஒன்றுதான், அது பகல் நேரக் காவலாளியிடம் மட்டும் இருந்தது. இன்னொன்று செய்து இரவுக் காவலாளியிடமும் கொடுத்திருக்கிறோம். செய்தியை மீண்டும் எழுதினேன். இனி வரிசை இது: முதலில் காவலாளிக்குத் தொலைபேசி, "பம்ப் அறைப் பலகையை ஆஃப் செய்யுங்கள், செய்ததும் சொல்லுங்கள்." அடுத்துக் குடியிருப்பாளர்களுக்கு, இரவுப்பணி எழுதியபடியே. மூன்றாவதாகக் குழாய் வேலை செய்பவருக்கு:

"பி பிளாக் தரைத்தொட்டியில் சாக்கடைநீர் கலந்திருக்கலாம். *மோட்டாரை 10.05 மணிக்கு நிறுத்திவிட்டோம்.* மேல்தொட்டித் தண்ணீரை யாரும் குடிக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம். 288 பேருக்கு இப்போது குடிநீர் இல்லை. *12 மணிக்குள் வர வேண்டும், சாக்கடை அடைப்பு எடுப்பவருடன்.* வழிந்த இடத்தின் படம் கீழே. பம்ப் அறைச் சாவி வாயிலில் இருக்கிறது. வர முடியாவிட்டால் 10.30 மணிக்குள் சொல்லவும், வேறு ஆளைத் தேட வேண்டும்."

அந்த அம்மாவிடம் இதைக் காட்டினேன். இரண்டு முறை படித்துவிட்டு, "இதைத்தான் நான் சொன்னேன்" என்றார். பதில் வராத நேரங்களைப் பற்றிய அவருடைய கடிதத்தையும் எழுதிக் கையில் கொடுத்துவிட்டேன். "உயிர்நிலை" என்ற சொல்லை ஒப்பந்தத்தில் சேர்ப்பது பற்றி ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பேசப் போகிறோம். நிதானம் ஐயாவின் ஆட்சேபத்துக்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை.

குழாய்க்காரர் | ஜூன் 16, காலை 6.15

தரைத்தொட்டி எத்தனை லிட்டர் என்பதையும் சேர்த்துவிடுங்கள் ஐயா. காலி செய்து கழுவ எந்த மோட்டாரைக் கொண்டுவருவது என்று எனக்குத் தெரிய வேண்டும்.